பதினைந்து மார்க்கு எல்பிஜி

ஜீவனஹள்ளி லவினாவிடம் போய் எல்பிஜி என்றால் என்ன என்று இன்றைக்குக் கேட்டால், "எந்த எல்பிஜி?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுச் சிரிப்பாள். போன ஜூலையில் கேட்டிருந்தால் அழுதிருப்பாள். அதற்கு முந்தின ஏப்ரலில் கேட்டிருந்தால், "இதென்ன கேள்வி, சிலிண்டர் வேணுமா, ஆதார் கொண்டாந்தீங்களா?" என்றிருப்பாள். நான்கே மாதத்தில் மூன்றெழுத்து ஒரு பெண்ணை இந்தப் பாடு படுத்துமா என்றால், படுத்தியது.

காக்ஸ் டவுன் பக்கத்தில் இருக்கும் ஒரு காஸ் ஏஜென்சியில் லவினா பத்தொன்பது வருடமாகக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறாள். சேர்ந்தபோது அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் நான்கு பெண்கள். புக்கிங் எழுத ஒருத்தி, பில் போட ஒருத்தி, புது கனெக்ஷனுக்கு ஒருத்தி, சண்டை வாங்க ஒருத்தி. சண்டை வாங்குவது லவினாவின் வேலை. "பதினஞ்சு நாளாச்சு, இன்னும் சிலிண்டர் வரல" என்று கத்திக்கொண்டு வருகிறவர்களைக் கன்னடத்தில் வந்தால் கன்னடத்திலும், உருதுவில் வந்தால் உருதுவிலும் குளிரவைத்து அனுப்புவாள். அப்புறம் போனில் புக்கிங் வந்தது, வாட்ஸாப்பில் வந்தது, பணமும் போனிலேயே போயிற்று. நான்கு மூன்றாகி, இரண்டாகி, கடைசியில் லவினா ஒருத்திதான் மிஞ்சினாள். அவளிடமும் இப்போது வருகிறவர்கள் போனைத் தொலைத்தவர்களும் வழி கேட்கிறவர்களும்தான்.

முதலாளி நரேஷ் கெட்டவர் இல்லை. ஒருநாள் கூப்பிட்டு உட்காரவைத்து விஷயத்தை உடைத்தே சொன்னார். "லவினாம்மா, ஆகஸ்ட்லருந்து கவுண்டர எடுத்துடறேன். யாரும் வர்றதில்ல, நீங்களே பாக்கறீங்க. மேனேஜர் ஜூலையோட மைசூருக்குப் போறார், மகன்கூட இருக்க. அந்த சீட்டுக்கு உங்களவிட எனக்கு ஆள் வேணாம். ஆனா எங்கண்ணன் பார்ட்னர். டிகிரி இல்லாத ஆள உட்கார வெச்சா ஒத்துக்கமாட்டார். உங்க பி.காம் என்னாச்சு?"

என்னாச்சு என்றால், ஒரே ஒரு பேப்பரில் நின்றுகொண்டிருந்தது. பிசினஸ் என்விரான்மென்ட், அதாவது வியாபாரச் சூழல். தபால் வழியாகப் படித்துக் கணக்குப் பேப்பர், சட்டப் பேப்பர், காஸ்டிங் எல்லாவற்றையும் தாண்டியவள் இந்த ஒன்றில் இரண்டு தடவை குப்புற விழுந்திருந்தாள். எண்பதுக்கு இருபத்தெட்டு எடுத்தால் போதும். முதல் தடவை இருபத்து நான்கு, இரண்டாம் தடவை இருபத்தாறு.

விழுந்ததற்கும் காரணம் உண்டு. லவினாவுக்கு வீட்டிலும் கோயிலிலும் தமிழ். ஆனால் படித்தது தெருமுனைக் கவர்ன்மென்ட் கன்னடப் பள்ளிக்கூடம். அதனால் பி.காமையும் கன்னடத்தில்தான் எழுதினாள். கைடும் கன்னடம், அதுவும் யாரோ ஜெராக்ஸ் எடுத்ததை ஜெராக்ஸ் எடுத்தது. அதில் தாராளமயத்துக்கு 'உதாரீகரண', தனியார்மயத்துக்கு 'காசகீகரண', உலகமயத்துக்கு 'ஜாகதீகரண' என்று போட்டிருக்கும். மூன்றையும் சமைக்கும்போது சொல்லிப் பார்ப்பாள், ஜபமாலை உருட்டும்போதுகூட வாயில் வந்துவிடும். பரீட்சை ஹாலில் உட்கார்ந்ததும் எது எதற்கு முன்னால் என்று குழம்பி, ஒன்றின் கீழ் எழுதவேண்டியதை இன்னொன்றின் கீழ் எழுதிவிட்டு வருவாள்.

"ஏங்க, இந்த ஜாகதீகரணம்னா இன்னாங்க?" என்று கணவன் க்ளென்னிடம் கேட்டாள் ஒருநாள். க்ளென் எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் கம்பெனி கேப் ஓட்டுகிறான்.

"அமெரிக்காக்காரன் அங்க ஆபீசுக்குப் போறப்ப நான் இங்க ஆளுங்கள ஏத்திக்கினு போறேன் பாரு, அதான்" என்றான் அவன். "அவனுக்கு லீவுன்னா எனக்கும் லீவு. அவன் ஆபீச மூடுனா நான் வண்டிய விக்கணும். எழுதிக்கோ."

"இத எழுதுனா மார்க்கு போடுவானா?"

"போடலன்னா என்னை வந்து பாக்கச் சொல்லு."

மே மாதம் மூன்றாவது முறை போனாள். இது போனால் அடுத்த பரீட்சை டிசம்பரில்தான். அதற்குள் கவுண்டரும் போயிருக்கும், மேனேஜர் சீட்டும் போயிருக்கும். நாற்பத்திரண்டு வயதில், சண்டை வாங்கத் தெரியும் என்ற ஒரே தகுதியோடு எங்கே போய் வேலை கேட்பது? அல்சூரில் பஸ் இறங்கிப் பரீட்சை நடந்த காலேஜுக்கு நடக்கும் வழியெல்லாம் இதே யோசனைதான். செபஸ்தியாருக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள்.

கேள்வித்தாள் வந்தது. முதல் பகுதியில் பொருளாதார அமைப்புகளைப் பற்றிச் சின்னக் கேள்விகள். முதலாளித்துவம் என்றால் என்ன, சமதர்மப் பொருளாதாரத்தின் இரண்டு அம்சங்கள், கலப்புப் பொருளாதாரத்துக்கு ஓர் உதாரணம். தெரிந்த வரைக்கும் எழுதினாள். கலப்புக்கு மட்டும் கைடில் இருந்த உதாரணம் மறந்துபோயிற்று. போகட்டும் என்று, 'ஒரே கோடவுனில் வீட்டு சிலிண்டருக்கு அரசாங்கம் கட்டுப்படுத்துகிற விலை, ஓட்டல் சிலிண்டருக்குச் சந்தை விலை' என்று எழுதிவைத்தாள். நடுப்பகுதி சுமார். பெரிய கேள்விகளுக்கு வந்தபோதுதான் பார்த்தாள்.

கேள்வி பன்னிரண்டு. இந்தியப் பொருளாதாரத்தின் மீது LPG-யின் விளைவுகளை விவரிக்கவும். பதினைந்து மார்க்.

கேள்வி கன்னடத்தில் இருந்தது. அந்த மூன்றெழுத்து மட்டும் இங்கிலீஷில் இருந்தது. லவினா இரண்டு தடவை படித்தாள். அவளுடைய தினசரி பில்லில் நாற்பது தடவை வரும் மூன்றெழுத்து. கவுண்டர் கண்ணாடியில், கோடவுன் கதவில், சம்பளக் கவரில் இருக்கும் மூன்றெழுத்து. வியாபாரச் சூழலில் காஸைப் பற்றி ஏன் கேட்கிறார்கள் என்று ஒரு நொடி தோன்றத்தான் செய்தது. விலை, அரசாங்கம், ஜனங்கள், எல்லாம் சூழல்தானே என்று அடுத்த நொடியே தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். பழம் நழுவிப் பாலில் விழும்போது, பழம் ஏன் நழுவிற்று என்று யார் கேட்பார்கள்?

எழுதினாள், எழுதினாள், ஐந்து பக்கம் எழுதினாள். உதாரீகரண காசகீகரண எதுவும் வேண்டியிருக்கவில்லை. அந்தக் காலத்தில் கனெக்ஷனுக்குப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தது, எம்.பி. தரும் கனெக்ஷன் கூப்பனுக்கு அலைந்தது, யாருக்கு எத்தனை, என்ன விலை என்பதை அரசாங்கமே தீர்மானித்தது. தொண்ணூற்று மூன்றில் தனியாரும் இறக்குமதி செய்து விற்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டது, ஆனாலும் மானிய விலை சிலிண்டரோடு போட்டி போட முடியாமல் வீட்டுச் சந்தையில் அவர்கள் திணறியது. பாதிக்கு மேல் காஸ் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருவது. வளைகுடாவில் விலை ஏறினாலும் டாலர் ஏறினாலும் ஒன்றாம் தேதி இங்கே ஓட்டல் சிலிண்டர் விலை ஏறுவது, அது ஏறினால் வழக்கமாகப் போகும் கடையில் இட்லி சின்னதாவது. மானியம் பாங்கிக் கணக்குக்குப் போனது. கனெக்ஷன் இப்போது சில நாளில் கிடைப்பது. நான்கு பெண்கள் இருந்த கவுண்டரில் ஒருத்தி இருப்பது. நல்லது ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம் என்று பிரித்தும் எழுதினாள். கை வலித்தது. மணி அடித்தபோது பேப்பரைக் கொடுக்கவே மனசு வரவில்லை.

வெளியே மரத்தடியில் ஸ்ரீரஞ்சனி நின்றிருந்தாள். அவளும் இதே பேப்பர் எழுதுகிறவள், தனியார் பாங்கி ஒன்றில் வேலை, இங்கிலீஷ் மீடியம். பரீட்சைக்குப் பரீட்சை பார்த்துப் பழகியவர்கள்.

"எப்படிக்கா எழுதினேள்?" என்றாள்.

"சூப்பர். பன்னெண்டாவது கேள்வி எனக்குன்னே போட்டாப்ல இருந்துச்சு. அஞ்சு பக்கம் ரொப்பிட்டேன். சிலிண்டர் வெலையிலருந்து சப்சிடி வரைக்கும் எல்லாம்."

ஸ்ரீரஞ்சனியின் முகம் மாறியது. சொல்லலாமா வேண்டாமா என்று பையின் வாரைப் பிடித்துத் திருகினாள். "அக்கா, அது சமையல் காஸ் இல்லக்கா. லிபரலைசேஷன், ப்ரைவடைசேஷன், க்ளோபலைசேஷன். மூணோட முதல் எழுத்து. நாங்கள்லாம் க்ளாஸ்ல அப்படித்தான் சொல்லுவோம்."

ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளுக்கு லவினா போனதே இல்லை. பூசை உண்டு, அப்புறம் ஏஜென்சியில் ஸ்டாக் எடுக்க வேண்டும். முந்தின இரண்டு கேள்வித்தாளிலும் முழு வார்த்தையாகத்தான் வந்தது. உதாரீகரண, காசகீகரண, ஜாகதீகரண. மூன்றையும் உயிரைக் கொடுத்து உருப்போட்டவளுக்கு, அது மூன்றும் இங்கிலீஷில் சிலிண்டராகும் என்று யார் சொன்னார்கள்?

"கர்த்தரே, சிலிண்டரு எழுதிட்டு வந்துட்டேனே" என்று மட்டும் சொன்னாள். பஸ்ஸில் சீட் கிடைத்தும் நின்றுகொண்டே வீடு வந்தாள்.

க்ளென் முதலில் சிரித்துவிட்டான். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு டீ போட்டுக் கொடுத்தான்.

ரிசல்ட் ஜூன் கடைசியில் வந்தது. மறுபடியும் இருபத்தாறு. இரண்டே மார்க். நரேஷிடம் சொன்னபோது அவர் தலையை ஆட்டினார். "ஜூலை முப்பத்தொண்ணு வரைக்கும் என்னால தள்ள முடியும்மா. அண்ணன் வேற ஒருத்தர் பேரு சொல்லிட்டிருக்கார். அதுக்குமேல என் கைல இல்ல."

அழுதுகொண்டு உட்கார்ந்துவிடுகிற ஜாதியாக இருந்திருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். ஆனால் பத்தொன்பது வருடம் சண்டை வாங்கியவளுக்கு, எந்தச் சண்டையையும் காகிதத்தைப் பார்க்காமல் முடிக்கக்கூடாது என்று தெரியும். கத்துகிற கஸ்டமரிடம் முதலில், "பில் காட்டுங்க" என்பாள். அதே மாதிரி மறுமதிப்பீட்டுக்கும் விடைத்தாள் நகலுக்கும் பணம் கட்டி, நகலை வாங்கிக்கொண்டு வந்தாள்.

சாப்பாட்டு மேஜையில் விரித்துவைத்துப் பார்த்தார்கள். கேள்வி பன்னிரண்டின் ஐந்து பக்கத்திலும் குறுக்கே ஒரு கோடு. கடைசியில் ஒரு வட்டம், அதற்குள் பூஜ்யம். பக்கத்தில், 'சம்பந்தமில்லை' என்று கன்னடத்தில் ஒரு சொல்.

"அஞ்சு பக்கத்தையும் படிச்சிருக்கமாட்டான்" என்றான் க்ளென்.

லவினா பழைய கைடை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டாள். கைடில் உதாரீகரணத்தின் கீழ், 'லைசென்ஸையும் விலைக் கட்டுப்பாட்டையும் தளர்த்துதல்' என்று இருந்தது. அவள் தாளில், யாருக்கு எத்தனை, என்ன விலை என்று அரசாங்கம் சொன்னது, அப்புறம் ஓட்டல் சிலிண்டர் விலையைச் சந்தைக்கு விட்டது. பென்சிலால் ஓரத்தில் L என்று போட்டாள். அடுத்து காசகீகரண. 'அரசுக்கென ஒதுக்கிய துறையில் தனியாரை அனுமதித்தல்.' தொண்ணூற்று மூன்று இருந்தது. P என்று போட்டாள். ஜாகதீகரண. கப்பல், வளைகுடா, டாலர், இட்லி. G என்றும் போட்டாள்.

"ஏங்க" என்றாள். "நான் தப்பா எழுதலங்க."

"அப்புறம்?"

"சரியாத்தான் எழுதியிருக்கேன். எனக்கே தெரியாம எழுதியிருக்கேன்."

மறுநாள் பல்கலைக்கழகத்துப் பரீட்சைப் பிரிவுக்குப் போனாள். கையில் நகல், கைடு, பாடத்திட்டத்தின் கன்னடப் பிரதி, ஒரு மனு. மனுவை ஸ்ரீரஞ்சனி டைப் அடித்துக் கொடுத்திருந்தாள். கன்னடப் பாடத்திட்டத்தில் எங்கேயும் LPG என்ற சுருக்கம் இல்லை, கேள்வித்தாளில் விரித்து எழுதவும் இல்லை, சமையல் எரிவாயுவுக்கும் அதே சுருக்கம், ஆகவே கேள்வி இரண்டு பொருள் தருகிறது. இவ்வளவுதான் மனு. மூன்று ஜன்னல் மாறி, நான்காவது ஜன்னலில், "ப்ரஹ்லாத் சாரைப் போய்ப் பாருங்க, அவர்தான் காமர்ஸ் புகார்லாம் பார்க்கறவர்" என்றார்கள்.

ப்ரஹ்லாத் ஐம்பது வயசுக்காரர், காமர்ஸ் பேராசிரியர். மேஜையில் விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார். மனுவைக் கன்னடத்தில் படித்துவிட்டு கன்னடத்திலேயே, "காஸ் பற்றி எழுதினால் காஸ் பேப்பரில்தான் மார்க் கிடைக்கும்" என்றார்.

"சாமி, இவரும் படிக்கமாட்டாரா" என்று லவினா வாய்க்குள் முனகியது அவர் காதில் விழுந்துவிட்டது.

"படிக்கறேன் படிக்கறேன்" என்றார் தமிழில். "உட்காருங்கோ. இதுல லிபரலைசேஷன் எங்க இருக்கு, காட்டுங்கோ பார்ப்போம்."

பென்சில் L-ஐக் காட்டினாள். கவுண்டரில் கஸ்டமருக்குச் சொல்கிற மாதிரியே சொன்னாள். "எங்கம்மா கனெக்ஷனுக்கு எழுதிப் போட்டப்ப நான் ஒண்ணாங்கிளாஸ் சார். சிலிண்டர் வீட்டுக்கு வந்தப்ப எட்டாங்கிளாஸ். கவர்ன்மென்ட் குடுத்தாதான் உண்டு, அவங்க சொன்னதுதான் வெலை. இப்ப அப்பிடியில்ல. ஓட்டல் சிலிண்டருக்கு மாசம் ஒண்ணாந்தேதி புது வெலை. அத மார்க்கெட்தான் முடிவு பண்ணுது."

"வீட்டு சிலிண்டருக்கு?"

"அதுல மட்டும் கவர்ன்மென்ட் இன்னும் கையெடுக்கல சார். பாதி தொறந்த கதவு. அதையும் எழுதியிருக்கேன், மூணாம் பக்கம்."

அவர் மூன்றாம் பக்கத்தைத் திருப்பினார். சாத்துக்குடியைக் கீழே வைத்துவிட்டார். "சரி, ப்ரைவடைசேஷன். தனியாரை உள்ள விட்டதை எழுதியிருக்கேள். ஆனா அது ஒரு பாதிதானே. பொதுத்துறைப் பங்கை விக்கறது, நிர்வாகத்தையே தனியாருக்குக் குடுக்கறது, அதெல்லாம் எங்க?"

"அது இதுல இல்ல சார்" என்று ஒத்துக்கொண்டாள். பொய் சொல்லிச் சண்டை ஜெயித்த பழக்கம் அவளுக்கு இல்லை. "சிலிண்டர் விக்கிற பெரிய கம்பெனிங்க இன்னும் முக்காவாசி கவர்ன்மென்ட்டுதானே, அதனால எனக்குத் தோணல. எங்கப்பா ஓஸ்வால்ட், பொதுத்துறை ஃபேக்டரில ஃபிட்டரு. வெளிய இருந்து சாமான் சல்லிசா வர ஆரம்பிச்சதும் ஆர்டர் போச்சு. வி.ஆர்.எஸ். குடுத்து அனுப்பிட்டாங்க, நாப்பத்தாறு வயசுல. அதனாலதான் நான் காலேஜுக்குப் போவல, சின்னச் சின்ன வேலை பாத்துட்டுக் கடைசில இந்தக் கவுண்டருக்கு வந்தேன். அத எழுதியிருந்தா மார்க்கு வந்திருக்குமா சார்?"

"அது ப்ரைவடைசேஷன் இல்ல, போட்டியைத் திறந்துவிட்டதோட விளைவு. ஆனா எழுதியிருந்தா கண்டிப்பா ரெண்டு மார்க்" என்றார் ப்ரஹ்லாத். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வருஷாவருஷம் ஆயிரம் பேப்பர் பார்க்கறேன். எல்லாரும் ஒரே பாராவை எழுதறா. அந்நியச் செலாவணி கூடித்து, நுகர்வோருக்குத் தேர்வு கூடித்து, சிறுதொழில் பாதிச்சுதுன்னு. எதனால கூடித்து, யாருக்குப் பாதிச்சுதுன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது. இட்லி சின்னதானதை இதுவரைக்கும் ஒருத்தரும் எழுதினதில்ல."

"அப்ப மார்க்கு போடுவீங்களா சார்?"

"நான் போட முடியாது. கேள்வி இரண்டு அர்த்தம் தர்றதுன்னு குறிப்பு எழுதி அனுப்பறேன். சம்பந்தம் இருக்கான்னு படிச்சுப் பார்த்து மதிப்பிடணும்னும் எழுதறேன். மறுமதிப்பீட்டுக்கு வேற ஒருத்தர் உட்காருவார், அவர் முடிவுதான். இந்தப் பென்சில் எழுத்தெல்லாம் உங்க நகல்ல இருக்கட்டும், அவரே கண்டுபிடிக்கட்டும்."

வெளியே வந்தபோது பாதி பாரம் இறங்கியிருந்தது. மீதிப் பாரத்தை இருபத்திரண்டு நாள் சுமந்தாள். அந்த நாட்களில் லவினா எதிரில் யாரும் காஸ் என்ற வார்த்தையை எடுக்கக்கூடாது என்று க்ளென் வீட்டில் சட்டம் போட்டுவிட்டான். அடுப்புக்கு வந்த சிலிண்டரைக்கூட, "அது வந்துச்சு" என்றுதான் சொன்னான்.

ஜூலை இருபத்தொன்பது, செவ்வாய்க்கிழமை, மத்தியானம். கவுண்டரில் ஒரு பெரியவர், போனைத் தொலைத்துவிட்டுப் புது நம்பர் பதிய வந்தவர். அவருக்குப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கும்போது ஸ்ரீரஞ்சனியிடமிருந்து செய்தி வந்தது. 'ரீவால்யூவேஷன் போட்டாச்சுக்கா. பாருங்கோ.'

லவினா பேனாவை வைத்தாள். எடுத்தாள். "ஐயா, ஒரு நிமிஷம்" என்றாள். வெப்சைட் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பதிவு எண்ணைத் தப்பாகப் போட்டாள், திரும்பப் போட்டாள். பெரியவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பொறுமையாக நின்றார்.

பழைய மதிப்பெண் இருபத்தாறு. புதிய மதிப்பெண் முப்பத்தைந்து. தேர்ச்சி.

கேள்வி பன்னிரண்டுக்கு ஒன்பது மார்க் கொடுத்திருக்கிறார் அந்த முகம் தெரியாத மனுஷர். லவினா கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. மூன்று மாதமாக விலா எலும்புக்குள் அடைத்துக்கொண்டிருந்தது என்னவோ அப்படியே கரைந்து இறங்கிற்று.

"என்னம்மா, நம்பர் பதியலயா?" என்றார் பெரியவர் கவலையாக.

"பதிஞ்சிடுச்சு ஐயா" என்றாள். "எல்லாம் பதிஞ்சிடுச்சு."

நரேஷ் தன் அண்ணனுக்கு அங்கேயே போன் போட்டார். "டிகிரி வந்திடுச்சு, இனி பேச்சில்ல" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு வைத்தார். க்ளென் அன்றைக்குக் கேப்பைச் சில்க் போர்டு நெரிசலில் நிறுத்தியிருந்தபோது அழைப்பை எடுத்தான். பின்சீட்டில் இருந்த கம்பெனிக்காரர்கள் நான்கு பேரிடமும், "எம் பொண்டாட்டி பி.காம் சார்" என்று சொன்னானாம். அவர்கள் கை தட்டினார்களாம். செபஸ்தியாருக்கு நேர்ந்தது ஒரு மெழுகுவர்த்தி, அவள் கொளுத்தியது மூன்று. ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து என்று சொல்லிக் கொளுத்தினாளாம். பக்கத்தில் முழந்தாளிட்டிருந்தவர்கள் மூன்று பிள்ளைகள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் ஒன்றாம் தேதி கவுண்டர் கண்ணாடியைக் கழற்றினார்கள். பத்தொன்பது வருடம் கை வைத்துத் தேய்ந்த பலகையை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு லவினா உள்ளே மேனேஜர் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். நாற்காலி கொஞ்சம் பெரிசாக இருந்தது. முதுகுக்கு ஒரு தலையணை வைத்துக்கொண்டாள்.

முதல் வேலையாக டெலிவரிக்காரர்கள் கையெழுத்துப் போடும் புது ஸ்டாக் புத்தகத்தை எடுத்தாள். முதல் பக்கத்தில் தலைப்பு எழுத வேண்டும். பழைய மேனேஜர் வருஷா வருஷம் அந்த மூன்றெழுத்தை மட்டும் எழுதிவிட்டுப் போவார். லவினா பேனாவைத் திறந்து, நிதானமாகக் கன்னடத்தில், 'திரவ பெட்ரோலிய வாயு, அதாவது சமையல் காஸ்' என்று முழுசாக எழுதினாள். அதற்குக் கீழே தமிழிலும் எழுதினாள்.

எட்டிப் பார்த்த நரேஷ் சிரித்தார். "எல்பிஜின்னு எழுதுனா போதாதா? இங்க யாருக்குத் தெரியாது?"

"எனக்கும் தெரியும்னுதான் சார் நெனச்சேன்" என்றாள் லவினா. மை காயும்வரை ஊதிவிட்டுப் புத்தகத்தை மூடினாள்.